கருப்பட்டிக் கூட்டும் இரண்டு பேரேடுகளும்

இரண்டு வியாபாரிகள் சேர்ந்து ஒரே ஒரு சரக்கை வாங்கி, விற்று, லாபத்தைப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டு அவரவர் கடைக்குத் திரும்பிவிடுவது நம்ம திருநெல்வேலிப் பக்கம் புதிதல்ல. புளிய மரக் குத்தகை, பொங்கலுக்குக் கரும்பு, புளியங்குடி எலுமிச்சை, களக்காட்டு வாழைத்தார் என்று எதில் வேண்டுமானாலும் இது நடக்கும். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, தனி பில் புத்தகம் கிடையாது, சரக்கு தீர்ந்த அன்றைக்குக் கூட்டும் தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட கூட்டு வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன், ஏனென்றால் டவுனில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்கிற முறையில் இந்த ஒரு விஷயத்துக்காக நல்ல நண்பர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் யாரும் சண்டை போடுவதில்லை. பாதி என்றால் பாதிதான். சண்டை வருகிற இடம் அதற்கு முன்னாடியே இருக்கிறது: எந்தத் தொகை கூட்டுக் கணக்குக்குள் வரும், எது அவரவர் சொந்தக் கணக்கோடு நிற்கும் என்பதில். அதைச் சரியாகப் பார்த்துவிட்டால் மிச்சம் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

ஒரு கருப்பட்டிக் கூட்டை எடுத்துக்கொள்வோம். விலைகளையும் அளவுகளையும் கணக்குக்கு வசதியாக நான் போட்டிருக்கிறேன், ஆனால் விஷயம் அப்படியே நடப்பதுதான். ஒருவர் உடன்குடிப் பக்கம் கொள்முதல் செய்கிறவர், வயதில் இளையவர். இன்னொருவர் திருநெல்வேலி டவுனில் மொத்தக் கடை வைத்திருப்பவர், மூத்தவர். (1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துபோய் உடன்குடி அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாலும், வியாபாரத்துக்கு எல்லாம் ஒரே சீமைதான்.) பதநீர் சீசன் முடிகிற நேரத்தில் சரக்கு நிறைய வரும், விலை இறங்கி நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் சுக்குக் காப்பிக்கும், திருக்கார்த்திகைக் கொழுக்கட்டைக்கும் தேவை ஏறும்போது விலையும் ஏறும். வைகாசியில் வாங்கி, குடோனில் வைத்திருந்து, மழைக்காலத்தில் விற்பது என்பதுதான் கூட்டின் மொத்தத் திட்டமும்.

இளையவருக்குப் பனங்காட்டுக்காரர்களைத் தெரியும், சீனி கலந்த கருப்பட்டியை உடைத்துப் பார்த்தே ஒதுக்கத் தெரியும். மூத்தவருக்குக் கடைக்காரர்களைத் தெரியும். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. ஆக அவர் வாங்குவார், இவர் விற்பார், இரண்டு பேரும் பணம் போடுவார்கள். இருவருக்கும் இடையில் அறுபது கிலோமீட்டர் போல இருக்கிறது, தினமும் உட்கார்ந்து சேர்ந்து கணக்கு எழுத முடியாது.

இந்த மாதிரிக் கூட்டுக்குக் கணக்கு எழுத மூன்று வழி உண்டு. முதலாவது, கூட்டுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும் தனியாக ஒரு கணக்குப் புத்தகமும் திறப்பது. கட்டட வேலை மாதிரி பெரிய காரியத்துக்கு அது நல்லது, ஆறு ஏழு மாதத்துக் கருப்பட்டிக்கு அது அதிகம். இரண்டாவது, இருவரும் தன் செலவையும் அடுத்தவர் செலவையும் சேர்த்துத் தத்தம் புத்தகத்தில் முழுசாக எழுதிக்கொண்டே வருவது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உடன்குடியில் ஓலைப் பெட்டி வாங்கிய செலவை டவுன்காரர் தன் பேரேட்டில் ஏற்ற வேண்டுமானால் உடன்குடிக்காரர் அன்றன்றைக்குத் தகவல் அனுப்ப வேண்டும், ஒரு மாதம் போனதும் யாரும் அனுப்ப மாட்டார்கள். மூன்றாவதுதான் இவர்களுக்கு ஏற்றது, கணக்குப் பாடத்தில் மெமோராண்டம் முறை என்பார்கள். ஒவ்வொருவரும் தன் கையால் நடந்ததை மட்டும் தன் பேரேட்டில் ஒரே தலைப்பில் எழுதுகிறார். கடைசியில் இரண்டு பேரேட்டிலிருந்தும் எடுத்து ஒரு தனித் தாளில் லாபத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தாள் பேரேட்டில் ஏறாது. லாபம் எவ்வளவு என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

இளையவரின் பேரேட்டில் தலைப்பு "டவுன் கடையுடன் கருப்பட்டிக் கூட்டு". அதில் பற்றுப் பக்கம் அவர் கூட்டுக்காகக் கையிலிருந்து கொடுத்த எல்லாமும் வரும். 3,000 கிலோ கருப்பட்டி, கிலோ 240 ரூபாய் வீதம் 7,20,000. ஓலைப் பெட்டியும் ஏற்றுக்கூலியும் 12,000. சாத்தான்குளம் வழியாகப் பாளையங்கோட்டை தாண்டி டவுன் குடோனில் இறக்கும் வரை லாரி வாடகை 8,000. ஆக 7,40,000. வரவுப் பக்கம் அவருக்குக் கூட்டிலிருந்து வந்தது: கொள்முதலுக்கு முன்னால் மூத்தவர் வங்கியில் போட்ட 3,00,000, அக்டோபர் கடைசியில் விற்ற பணத்திலிருந்து அனுப்பிய 4,00,000, அப்புறம் 69,000. இந்த 69,000 ஏது என்றால், இளையவருக்குத் தெரிந்த நாகர்கோவில் கடைக்கு டவுன் குடோனிலிருந்தே 200 கிலோ போனது, கிலோ 345 ரூபாய், பணத்தை அவரே வாங்கிக்கொண்டார். கூட்டுச் சரக்கை யார் விற்றாலும் அது கூட்டுக்கு வரவு. பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேரில் எழுத வேண்டியதுதான்.

மூத்தவரின் பேரேட்டில் தலைப்பு இதற்கு நேர் எதிர், "உடன்குடியாருடன் கருப்பட்டிக் கூட்டு". பற்றில் அவர் அனுப்பிய 3,00,000மும் 4,00,000மும், ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதக் குடோன் வாடகை 21,000, இறக்குக்கூலி, பலகை, தார்ப்பாய், வண்டி என்று 12,000. வரவில் அவர் விற்ற 2,500 கிலோவுக்குக் கிலோ 340 வீதம் 8,50,000.

இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் செய்கிற ஒரு பிழையை மட்டும் சொல்லிவிடுகிறேன்: லாபத் தாளைப் போடும்போது அந்த 3,00,000மும் 4,00,000மும் செலவு வரிசையில் ஏறிவிடும். மூத்தவர் பேரேட்டில் பற்றுப் பக்கம் இருக்கிறதே என்று அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போன பணம் அது. அதனால் ஒரு கிலோ கருப்பட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லாபத் தாளில் வெளி ஆளுக்குக் கொடுத்ததும் வெளி ஆளிடமிருந்து வந்ததும்தான் வர வேண்டும், அதோடு இருவரும் ஒத்துக்கொண்ட வட்டி, கமிஷன், எடுத்துக்கொண்ட சரக்கு. கைமாற்றுப் பணம் கடைசியில் யார் யாருக்குத் தர வேண்டும் என்று பார்க்கும்போது மட்டும் வரும்.

பணக் கணக்குக்கு முன்னாடி கிலோக் கணக்கு. இதைப் பலர் எழுதுவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம், ஏனென்றால் பொய்யோ மறதியோ முதலில் தெரிவது இங்கேதான். வாங்கியது 3,000 கிலோ. புதுக் கருப்பட்டியில் ஈரம் இருக்கும், வைக்க வைக்கக் காய்ந்து எடை கொஞ்சம் குறையும், ஓரம் உதிரும். அதில் 40 கிலோ போனது. மூத்தவர் விற்றது 2,500. நாகர்கோவிலுக்குப் போனது 200. கார்த்திகை மழையில் குடோனில் ஒரு மூலையில் ஓடு விலகி ஒழுகி, அடுக்கின் அந்த ஓரம் முழுக்க நனைந்து இளகிப்போனது 110. கடைசியில் விற்காமல் மிஞ்சியது 150. கூட்டிப் பார்த்தால் 3,000 சரியாக வருகிறது. ஐம்பது கிலோ குறைந்திருந்தால் ஒரு விற்பனை எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடாமல் லாபத் தாளைத் தொடவே கூடாது.

அந்த 40 கிலோவும் 110 கிலோவும் ஒன்றல்ல. 40 கிலோ போனது கருப்பட்டி கருப்பட்டியாக இருப்பதால். யார் வைத்திருந்தாலும் அந்த மாதிரி போகத்தான் செய்யும், அதற்குத் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். மிஞ்சிய கிலோக்கள் அதன் விலையைச் சுமக்கும், அவ்வளவுதான். குடோன் சேர்ந்த வரை ஆன செலவு 7,40,000, அதை 2,960ஆல் வகுத்தால் கிலோ சரியாக 250 ரூபாய் அடக்கம். 3,000ஆல் வகுத்து 246 ரூபாய் 67 காசு என்று சொன்னால் அது தப்பு. அந்த நாற்பது கிலோவை எந்த கடைக்காரரும் வாங்கப்போவதில்லை.

110 கிலோ போனது அப்படியல்ல. அது மழையும் ஓடும் சேர்ந்து செய்தது. அதன் அடக்கம் 110 பெருக்கல் 250, ஆக 27,500. திரும்பக் காய்ச்சுகிற ஒருவர் கிலோ 60 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டதில் 6,600 வந்தது. மிச்ச 20,900 நஷ்டம். இது யார் தலையில்? குடோன் மூத்தவர் பார்த்து எடுத்தது, சாவி அவரிடம் இருந்தது. இளையவர் நினைத்தால், "நீங்க பார்த்திருக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லலாம். அப்படி மூத்தவரே சுமப்பதாக முடிவானால், லாபத் தாளில் 20,900 வரவாக ஏறி, மூத்தவர் அந்தத் தொகைக்குப் பொறுப்பாவார். கூட்டின் லாபம் அவ்வளவு கூடும், இளையவருக்கு அதில் பாதி, 10,450 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். இந்த முழுக் கணக்கிலும் ஒரே ஒரு முடிவால் இவ்வளவு பெரிய தொகை நகர்வது இந்த இடத்தில்தான், ஆனால் சரக்கு வாங்குகிற நாளில் இதைப் பற்றிப் பேசி வைப்பவர்கள் அபூர்வம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 8ஆம் பிரிவில், ஒரே ஒரு காரியத்துக்காகவும் இருவர் கூட்டாளிகள் ஆகலாம் என்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, இருவரும் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை வரிசையாகச் சொல்கிறது. ஒரு கூட்டாளி வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தால் நஷ்டம் வந்தால் அதை அவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. வேண்டுமென்றே என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒழுகுகிறது என்று தெரிந்தும் விட்டிருந்தால் ஒரு கதை, ராத்திரிக் காற்றில் ஓடு விலகியிருந்தால் வேறு கதை. இவர்கள் விஷயத்தில், சரக்கை அடுக்கிய அன்றைக்கு இருவருமே கூரையைப் பார்த்திருந்தார்கள், பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கச் சொன்னவரே இளையவர்தான். ஆக அது பொது நஷ்டம் என்று முடிவானது. பொது நஷ்டத்துக்கும் லாபத் தாளில் தனி வரி வேண்டாம், 6,600ஐ மட்டும் வரவில் எழுதினால் போதும், மீதி தானாக லாபத்தில் குறைந்துவிடும்.

அடுத்தது மிஞ்சிய 150 கிலோ. திருக்கார்த்திகை முடிந்து தேவை கொஞ்சம் தளர்ந்தது, இன்னும் ஒரு மாதம் குடோன் வாடகை கொடுத்து வைத்திருப்பதில் லாபமில்லை. மூத்தவர் தன் சொந்தக் கடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். என்ன விலைக்கு?

"அடக்க வெலதான், இருநூத்தம்பது" என்றார் மூத்தவர்.

"மார்க்கெட்டுல முந்நூத்தி நாப்பது ஓடுதுல்லா அண்ணாச்சி. இடையில தொண்ணூறு ரூவா எங்க போவும்?"

"தம்பி, நான் அத சில்லறையா வித்து முடிக்க ரெண்டு மாசம் ஆவும்லா. கடைப் பையன் சம்பளம், கவரு, எல்லாம் நான்தான குடுக்கேன்."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடக்க விலைக்கு எடுத்தால், ஏழு மாதம் இருவர் பணமும் முடங்கிக் கிடந்து ஏறிய விலை முழுக்க ஒருவர் கடைக்குப் போய்விடும். மொத்த விலை 340க்கே எடுக்கச் சொன்னால், கடைசி மிச்சத்தை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு கூட்டை முடித்துவைக்கிறவருக்கு அதற்கு ஒன்றும் இல்லை. என் அபிப்பிராயத்தில் அன்றைய மொத்த விலையிலிருந்து தொடங்கி, வெளி ஆள் ஒருவர் மிச்சச் சரக்கை மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறைத்துக் கேட்பார் என்பதை மட்டும் கழிப்பதுதான் சரி. இவர்கள் 320 என்று முடித்தார்கள். 150 பெருக்கல் 320, ஆக 48,000. இது மூத்தவருக்கு விற்ற மாதிரியேதான், லாபத் தாளில் வரவு, அவர் பேரேட்டில் கூட்டுத் தலைப்பில் வரவு, எதிரில் அவர் கடைக் கொள்முதலில் பற்று. 250க்கு எடுத்திருந்தால் இளையவருக்கு 5,250 ரூபாய் குறைந்திருக்கும்.

இனி கமிஷனும் வட்டியும். இவற்றை இவர்கள் வைகாசியிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விற்கிற வேலை மூத்தவருடையது என்பதால் அவர் விற்கிற தொகையில் 2 சதவீதம் அவருக்குக் கமிஷன். போட்ட பணத்துக்கு ஒரு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். கமிஷன் 8,50,000க்கு 17,000. சொந்தக் கடைக்கு எடுத்த 150 கிலோவுக்கும் நனைந்த சரக்குக்கும் கமிஷன் கிடையாது. இதையும் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது, தனக்குத் தானே விற்றதற்குக் கமிஷன் கேட்டவர்களும் உண்டு.

வட்டிக்கு, இளையவர் செலவழித்த 7,40,000இல் மூத்தவர் பணம் 3,00,000 போக, அவருடைய சொந்தப் பணம் 4,40,000. ஜூன் முதல் அக்டோபர் முடிய ஐந்து மாதத்துக்கு 22,000. மூத்தவரின் 3,00,000க்கு அதே ஐந்து மாதம் 15,000. அக்டோபருக்கு அப்புறம் விற்ற பணம் கையில் புரள ஆரம்பித்துவிட்டது, அதோடு வட்டி நின்றது. நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு தொகையும் எத்தனை நாள் யாரிடம் இருந்தது என்று நாளைப் பெருக்கிக் கணக்கிட வேண்டும், விற்ற பணத்தைக் கையில் வைத்திருந்த மூத்தவரிடமிருந்தும் அந்த நாட்களுக்கு வட்டி வாங்க வேண்டும். தொகை பெரிதாக இருந்தால், ஒருவர் விற்ற பணத்தை மாதக்கணக்கில் தன் கடையில் சுற்றவிட்டால், அப்படித்தான் செய்ய வேண்டும். இவர்கள் அளவுக்கு ஒரு தேதியை வைத்து நிறுத்திக்கொண்டது போதும் என்றே நினைக்கிறேன்.

இப்போது லாபத் தாள்:

செலவு
இளையவர்: கொள்முதல் 7,20,000, பெட்டி, கூலி 12,000, லாரி 8,000, வட்டி 22,000. ஆக 7,62,000
மூத்தவர்: குடோன் 21,000, கூலி முதலியன 12,000, கமிஷன் 17,000, வட்டி 15,000. ஆக 65,000
மொத்தம் 8,27,000

வரவு
மூத்தவர்: விற்பனை 8,50,000, நனைந்த சரக்கு 6,600, எடுத்துக்கொண்டது 48,000. ஆக 9,04,600
இளையவர்: நாகர்கோவில் விற்பனை 69,000
மொத்தம் 9,73,600

லாபம் 1,46,600. ஆளுக்கு 73,300.

இந்தத் தாளிலிருந்து பேரேட்டுக்குப் போவது அவரவர் வட்டி, கமிஷன், லாபப் பங்கு மட்டும்தான். இளையவர் தன் கூட்டுத் தலைப்பில் பற்றுப் பக்கம் 7,40,000த்துக்குக் கீழே வட்டி 22,000மும் லாபம் 73,300மும் எழுதுகிறார், எதிரில் அவருடைய வட்டி வரவிலும் லாபக் கணக்கிலும் அவை ஏறும். ஆக அவருக்கு வர வேண்டியது 8,35,300. வந்தது 3,00,000, 4,00,000, 69,000 சேர்த்து 7,69,000. பாக்கி 66,300.

மூத்தவர் பக்கம் போய்ப் பார்த்தால், அனுப்பிய 7,00,000, செலவு 33,000, கமிஷன் 17,000, வட்டி 15,000, லாபம் 73,300, ஆக 8,38,300 அவருக்கு உரியது. அவர் கையில் இருப்பது 9,04,600. அதிகமாக இருப்பது 66,300. இரண்டு பேரேட்டிலும் ஒரே தொகை, ஒன்றில் வர வேண்டியதாக, மற்றொன்றில் தர வேண்டியதாக. இப்படி வராவிட்டால் எங்கேயோ ஒரு வரி ஒருவர் பேரேட்டில் இருந்து மற்றவர் பேரேட்டிலோ தாளிலோ இல்லாமல் இருக்கிறது. அனேகமாக அது கைமாற்றுப் பணமாகத்தான் இருக்கும், ஒருவர் அனுப்பியதாக எழுதியிருப்பார், மற்றவர் அதைத் தன் பழைய பாக்கியில் வரவு வைத்திருப்பார். இருவருக்கும் இடையில் வேறு வியாபாரமும் இருந்தால் இது நிச்சயம் நடக்கும், அதனால்தான் கூட்டுக்கு அனுப்பும் பணத்தில் கூட்டின் பெயரைக் குறிப்பாக எழுதி அனுப்ப வேண்டும் என்கிறேன்.

ஆனால் ஒன்று. இரண்டு பாக்கியும் ஒத்துப்போனதால் மட்டும் கணக்கு நியாயமாகிவிடாது. மூத்தவர் ஒரு விற்பனையையே எழுதாமல் விட்டிருந்தாலும் இரண்டு பாக்கியும் அழகாக ஒத்துப்போகும். அதைப் பிடிப்பது கிலோக் கணக்கு ஒன்றுதான். விலையைக் குறைத்து எழுதியிருந்தால் கிலோக் கணக்கும் பிடிக்காது, அதற்கு விற்ற பில்களைத்தான் பார்க்க வேண்டும்.

கமிஷனையும் வட்டியையும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்னே சொன்ன 13ஆம் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். பேசிக்கொள்ளாவிட்டால் வேலை செய்ததற்காகக் கூட்டாளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது, லாபம் சமமாகப் பிரியும், முதலுக்கு வட்டி பேசியிருந்தால்தான் உண்டு, அதுவும் லாபத்திலிருந்து மட்டும். ஒத்துக்கொண்ட முதலுக்கு மேலே ஒருவர் கைப்பணம் போட்டிருந்தால் அதற்கு வருஷத்துக்கு 6 சதவீதம். போட்ட பணம் எல்லாமே ஒத்துக்கொண்ட முதல் என்று வைத்துக்கொண்டால், கமிஷனும் வட்டியும் நீங்கி லாபம் 2,00,600 ஆகும், ஆளுக்கு 1,00,300. அப்போது மூத்தவர் இளையவருக்குத் தர வேண்டியது 71,300. எழுதி வைத்தபடி வந்தது 66,300. வித்தியாசம் 5,000 ரூபாய்தான். கமிஷனால் இளையவருக்கு 8,500 குறைந்தது, வட்டியால் 3,500 கூடியது. இந்த இரண்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், நனைந்த 110 கிலோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கூட்டு ஆரம்பிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது. அங்கே நகரக்கூடியது அதைப் போல இரண்டு மடங்கு.

ஜிஎஸ்டி ஏன் எங்கேயும் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டாத கருப்பட்டிக்கு வரி இல்லை, ஒட்டினால் 5 சதவீதம். ஓலைப் பெட்டியில் மொத்தமாகப் போகிற சரக்கு என்பதால் இவர்களுக்கு வரவில்லை. வேறு சரக்காக இருந்தால் யார் பில் போடுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டியிருக்கும். வருமான வரியில் இந்தக் கூட்டை எப்படிக் காட்டுவது என்பதை அவரவர் ஆடிட்டரிடம் தாளோடு போய்க் கேட்டுக்கொள்வதுதான் நல்லது, அது ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடைசியாகக் கடன் விற்பனை. மூத்தவர் எழுதிய 8,50,000இல் எல்லாம் ரொக்கமாக வந்துவிடாது. கணக்கு முடிக்கிற நாளில் ஒரு கடைக்காரர் 34,000 பாக்கி வைத்திருக்கிறார் என்று வையுங்கள், அதாவது 100 கிலோ. அதை லாபத் தாளில் விற்பனையாக எடுத்தால், மூத்தவர் கைக்கு வராத பணத்துக்கு அவர் இளையவரிடம் பொறுப்பேற்கிறார் என்று ஆகும். இந்த 2 சதவீதம் விற்பதற்கு மட்டுமா, வசூலாகாவிட்டால் அந்த நஷ்டத்தைச் சுமப்பதற்கும் சேர்த்தா? சேர்த்துத்தான் என்று பேசியிருந்தால் இப்படியே முடித்துவிடலாம், ஆனால் அப்படிப் பொறுப்பேற்கிறவர் 2க்குப் பதில் 3 கேட்பதில் தவறில்லை. விற்பதற்கு மட்டும் என்றால், அந்த 34,000ஐ அன்றைய வரவிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குரிய கமிஷன் 680ஐயும் நீக்கி, லாபத்தை 1,13,280 என்று போட்டு ஆளுக்கு 56,640 எடுத்துக்கொள்ள வேண்டும். பாக்கி வசூலாகிற அன்றைக்கு 34,000இல் 680 கமிஷன் போக மிச்சம் 33,320ஐ ஆளுக்கு 16,660 வீதம் பிரித்து, அதையும் அதே தாளின் அடியில் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் தராமலே போய்விட்டால் அந்த இடம் வெறுமையாக நிற்கும், இருவருமே ஏற்கனவே வந்த பணத்தை மட்டும்தான் பிரித்திருக்கிறார்கள் என்பதால் யாரும் யாரிடமும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது.